எட்டு இடத்தில் போட்ட பணம், நாலே காரணம்

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து பனகல் சாலைப் பக்கம் நடந்து போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தனை வகைத் தொழில் நடக்கிறது என்று. மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், ஸ்கேன் சென்டர், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்கும் லாட்ஜ், இட்லிக் கடை, ஜெராக்ஸ் கடை, இளநீர் வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்கள் மாதிரித்தான் தோன்றும். ஆனால் அத்தனைக்கும் ஆள் அனுப்புவது ஒரே இடம், அரசு இராசாசி மருத்துவமனை. தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று பல மாவட்டங்களிலிருந்து தினமும் வந்து இறங்கும் கூட்டம்தான் அந்தத் தெருவின் வருமானம். மேம்பால வேலைக்காகத் தடுப்பு வைத்துப் பாதையைத் திருப்பிவிட்டபோது, மருந்துக்கடைக்காரரும் இட்லிக் கடைக்காரரும் ஒரே கவலையைத்தான் பேசினார்கள்.

அந்தத் தெருவில் ஒருவர் மருந்துக்கடையும் வைத்து, லாட்ஜிலும் பங்கு போட்டு, மாடியைப் பரிசோதனை நிலையத்துக்கு வாடகைக்கும் விட்டிருந்தால், அவருக்கு மூன்று வருமானம். அந்த மூன்றும் படுக்கக் காரணம் ஒன்றே ஒன்று போதும்.

முதலீட்டைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான். பணத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எத்தனை இடத்தில் போட்டிருக்கிறோம் என்று எண்ணவும் செய்கிறோம். எத்தனை காரணங்களால் அந்தப் பணம் அடிபடும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. பிரித்துப் போடுவதன் பலன் முழுக்க அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அதை எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஆபத்து ஓரளவுக்குக் கீழே இறங்காது என்பதும் அங்கேதான் புரியும்.

பிரித்துப் போட்டால் எது குறைகிறது

2009 ஜனவரி 7-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று காலை சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் அனுப்பினார். கணக்கில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டிய தொகையில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லவே இல்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய நாள் 179 ரூபாயில் முடிந்த பங்கு அன்று 40 ரூபாய்க்கு வந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 78 சதவீதம் போய்விட்டது.

சத்யம் பேர்பெற்ற நிறுவனம். சென்செக்ஸ் குறியீட்டிலேயே இருந்தது, தணிக்கை செய்ததும் உலகப் புகழ் பெற்ற நிறுவனம். ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்த சாதாரண முதலீட்டாளருக்கும் இந்த மோசடி தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே "நல்லா விசாரிச்சுப் போடுங்க" என்ற அறிவுரை இங்கே உதவாது. விசாரித்தாலும் தெரிய வராத ஆபத்துக்கு எதிராக நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கருவிதான், ஒரே நிறுவனத்தில் அதிகம் வைக்காமல் இருப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 1 லட்சம் ரூபாயையும் சத்யத்திலேயே வைத்திருந்தால் அன்று மாலை அவரிடம் 22,300 ரூபாய் சொச்சம் இருந்திருக்கும். இன்னொருவர் அதே 1 லட்சத்தை 20 நிறுவனங்களில் தலா 5,000 என்று வைத்திருந்தால், சத்யத்தால் அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் 3,900 ரூபாய்க்குள் அடங்கும். மொத்தப் பணத்தில் நாலு சதவீதத்துக்கும் குறைவு. மனசு கஷ்டப்படும், ஆனால் குடும்பம் நிலைகுலையாது.

கதை இத்தோடு முடியவில்லை. அன்றைக்குச் சென்செக்ஸும் 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சத்யத்தோடு தொடர்பே இல்லாத நிறுவனங்களையும் பயத்தில் விற்றார்கள். ஆக, இருபதாகப் பிரித்து வைத்தவர் சத்யத்தின் மோசடியிலிருந்து பெரும்பாலும் தப்பினார், சந்தை முழுவதையும் பிடித்த பயத்திலிருந்து தப்பவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். முதலாவது ஒரு நிறுவனத்துக்கே உரியது, பிரித்துப் போட்டால் குறையும். இரண்டாவது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது, அதே சந்தைக்குள் எத்தனை துண்டாக வெட்டினாலும் குறையாது.

மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நெல், வாழை, கரும்பு என்று மூன்றும் வைத்திருப்பார். நெல்லுக்குப் பூச்சி விழுந்தால் வாழை காப்பாற்றும், வாழை விலை விழுந்தால் கரும்பு காப்பாற்றும். ஆனால் மூன்றுக்கும் தண்ணீர் அதே பெரியாறு கால்வாயிலிருந்துதான் வருகிறது. அணையில் தண்ணீர் இல்லை, இந்த வருஷம் திறப்பு இல்லை என்று ஆகிவிட்டால் மூன்று வயலும் சேர்ந்தே காயும்.

எவ்வளவு குறைகிறது

இந்த விஷயத்தை முதன்முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952-இல் வெளியான அவருடைய கட்டுரைதான் இன்றைக்கும் இத்துறையின் அடித்தளம். 1990-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டியது இதுதான்: ஒரு முதலீடு தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, அது மற்ற முதலீடுகளோடு சேர்ந்து ஆடுகிறதா, விலகி ஆடுகிறதா என்பதுதான் மொத்த ஆபத்தைத் தீர்மானிக்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அதன் சராசரி வருமானத்திலிருந்து ஒரு வருஷம் 40 சதவீதம் மேலேயோ கீழேயோ போவது சகஜம். எல்லாப் பங்குகளும் இதே மாதிரி ஆடுபவை. ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பை 0.25 என்று வைத்துக்கொள்வோம். தொடர்பு 1 என்றால் இரண்டும் அப்படியே ஒரே தாளத்தில் ஆடும், பூஜ்யம் என்றால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. 0.25 என்றால் ஓரளவு சேர்ந்து ஆடுகின்றன.

இப்போது ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரின் ஆட்டம் 40 சதவீதம். ஐந்து பங்குகளில் சமமாகப் பிரித்தால் அது 25 ஆகிறது. பத்தில் பிரித்தால் 23-க்குக் கொஞ்சம் கீழே. இருபதில் பிரித்தால் 21 சொச்சம். நூறு பங்குகளில் பிரித்தால் 20.3. ஆயிரமாகப் பிரித்தாலும் 20-க்குக் கீழே போகவே போகாது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பலனின் பெரும்பகுதி முதல் சில படிகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போனதில் 15 புள்ளி குறைந்தது, இருபதிலிருந்து நூறுக்குப் போனதில் ஒரு புள்ளிதான் குறைந்தது. ஐம்பது பங்கு வைத்திருப்பவர் இருபது பங்கு வைத்திருப்பவரைவிடப் பெரிய பாதுகாப்பில் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டு, அந்த 20 என்ற தரை. அந்தத் தரையை நிர்ணயிப்பது பங்குகளின் எண்ணிக்கை இல்லை, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு. தொடர்பு 0.25-லிருந்து 0.6-க்கு ஏறிவிட்டால் தரையும் 31 சதவீதத்துக்கு ஏறிவிடும். நூறு பங்கு வைத்திருந்தாலும் இதுதான் நிலைமை.

அந்தத் தொடர்பு அமைதியான காலத்தில் ஒரு மாதிரியும், நெருக்கடியில் வேறு மாதிரியும் இருக்கும் என்பதுதான் இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி. அதைப் பிறகு பார்ப்போம்.

பெயர் வேறு, வேர் ஒன்று

2020 ஏப்ரல் 23. ஊரடங்கு போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் தன்னுடைய ஆறு கடன் திட்டங்களை ஒரே நேரத்தில் மூடுவதாக அறிவித்தது. ஆறிலும் சேர்த்து முடங்கிய தொகை 25,000 கோடி ரூபாய்க்கு மேல். முதலீட்டாளர்கள் மூன்று லட்சம் பேருக்கும் அதிகம்.

அந்த ஆறு திட்டங்களின் பெயர்களைப் பார்த்தால் ஆறும் ஆறு வகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒன்று அல்ட்ரா ஷார்ட் பாண்ட், குறுகிய காலத்துக்குப் பணம் வைப்பவர்களுக்கானது. இன்னொன்று லோ டியூரேஷன். மற்றொன்று ஷார்ட் டெர்ம் இன்கம். இவை தவிர டைனமிக் அக்ருவல், இன்கம் ஆப்பர்ச்சூனிட்டீஸ், கடைசியாகக் கிரெடிட் ரிஸ்க். கடைசித் திட்டத்தின் பெயரிலேயே ஆபத்து எழுதியிருக்கிறது, அதைத் தெரிந்தே போட்டார்கள். மற்ற திட்டங்களில் போட்டவர்கள் பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் போட்டார்கள். இதில் இரண்டு மூன்று திட்டங்களில் பிரித்துப் போட்டவர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஆறு திட்டங்களும் பெருமளவு ஒரே வகை நிறுவனங்களுக்குத்தான் கடன் கொடுத்திருந்தன. உச்ச மதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கு அடுத்த படிகளில் உள்ளவை அவை. கொஞ்சம் கூடுதல் வட்டி தருவார்கள், ஆனால் அவர்களுடைய கடன் பத்திரங்களை அவசரத்துக்கு விற்பது கடினம். கடன் வாங்கிய அதே நிறுவனத்தின் பெயர் பல திட்டங்களின் பட்டியலிலும் இருந்தது. ஊரடங்கில் எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், அந்த வகைப் பத்திரங்களை வாங்க ஆளே இல்லாமல் போனது. ஆறும் சேர்ந்தே முடங்கின. அதிக ஆபத்துள்ள ஒரே உத்தியைப் பல திட்டங்களிலும் அப்படியே பின்பற்றியதைப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி பின்னால் தன் உத்தரவில் குறிப்பிட்டது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் அழிந்து போகவில்லை. உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில், எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்ட் மூலம் 2021 பிப்ரவரியிலிருந்து தவணை தவணையாகத் திரும்பியது. கடைசியில் மூடிய நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் 2020 ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அதனால் என்ன பயன்? நஷ்டம் என்பது ஒரு ஆபத்து, தேவைப்படும் நாளில் கைக்கு வராமல் போவது இன்னொரு ஆபத்து. ஆறு திட்டங்களில் பிரித்தவர் இரண்டாவது ஆபத்தைக் கொஞ்சமும் பிரிக்கவில்லை.

இதே தவறான கணக்கு நம் ஊரில் வேறு வடிவத்தில், இன்னும் கொடுமையாக நடந்தது. 2022-இல் ஆருத்ரா, ஹிஜாவு, எல்என்எஸ் இன்டர்நேஷனல் என்று வரிசையாக நிதி நிறுவனங்கள் மீது தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. 2023-இல் மதுரையிலேயே நியோமேக்ஸ் மீது வழக்கு வந்தது. அந்தப் புகார்களில் அதன் துணை நிறுவனங்கள் பலவற்றின் பெயர்களும் இருந்தன. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது பணம் போட்டவரின் பக்கம். வங்கி கொடுப்பதைவிடப் பல மடங்கு வட்டி கொடுப்பதாகச் சொல்லும் மூன்று நிறுவனங்களில் மூன்று லட்சத்தைத் தலா ஒரு லட்சமாகப் போட்டவர், ஒன்று போனாலும் இரண்டு நிற்கும் என்று நம்பியிருப்பார். அப்படிப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் புதிதாக வருகிறவர் பணத்திலிருந்து பழையவருக்கு வட்டி கொடுத்து ஓடுகின்றன. ஒரு நிறுவனம் செய்தித்தாளில் வந்ததும் ஊர் முழுக்கப் பயம் பரவும், மற்ற நிறுவனங்களிலும் புதுப் பணம் வருவது நிற்கும். ஒன்று விழுந்த காரணமே மற்றதையும் விழவைக்கும். மோசமான முதலீட்டை மூன்றாகப் பிரித்தால் நல்ல முதலீடு ஆகிவிடாது.

எல்லாம் சேர்ந்து விழும் நாள்

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 20,800 புள்ளிகளைத் தாண்டி இருந்தது. 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே வந்தது. அந்தப் பதினாலு மாதத்தில் வங்கி, சிமென்ட், கட்டுமானம், மென்பொருள் என்று துறை துறையாகப் பிரித்து வைத்திருந்தவரும் பாதிக்கு மேல் இழந்தார். அமெரிக்க வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடனில் ஆரம்பித்த பிரச்சினை அது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் தங்கள் ஊரில் பணம் தேவைப்பட்டதால் இங்கே இருந்ததை விற்றார்கள். விற்கும்போது இது நல்ல நிறுவனம், அது கெட்ட நிறுவனம் என்று பார்க்கவில்லை, விற்க முடிந்ததையெல்லாம் விற்றார்கள். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதம் விழுந்ததும் இப்படித்தான். சாதாரண நாட்களில் தனித்தனியாக ஆடும் பங்குகள் பயம் வந்த நாளில் ஒன்றாகிவிடுகின்றன. மேலே சொன்ன 0.25 என்ற தொடர்பு அந்த நாட்களில் கூடுகிறது, தரையும் கூடவே உயர்கிறது.

அதனால்தான் பங்குகளுக்குள் பிரிப்பதோடு நிறுத்தாமல், வேறு வேறு காரணங்களால் ஆடும் சொத்துகளுக்கிடையே பிரிக்கச் சொல்கிறார்கள். 2008 ஜனவரிக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு இரண்டும் சொன்ன வட்டியைக் கொடுத்தன. பங்கில் பாதி, வைப்பில் பாதி வைத்திருந்தவரின் மொத்த நஷ்டம் முப்பது சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, வட்டியைச் சேர்த்தால் இன்னும் குறைவு.

ஆனால் தங்கத்தையும் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டாம். 2012 கடைசியில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் ஏறத்தாழ 24,000 ரூபாய். ஆறு வருஷம் கழித்து 2018 கடைசியிலும் கிட்டத்தட்ட அதே விலைதான். இடையில் விலைவாசி ஏறியதைக் கணக்கில் எடுத்தால் வைத்திருந்தவருக்கு நஷ்டம். வைப்புக்கும் அதே மாதிரி ஒரு எதிரி உண்டு, விலைவாசிதான் அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது, அந்தப் பலவீனங்கள் ஒரே வருஷத்தில் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் பிரித்துப் போடுவதன் பலம். வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்ல முடியும், வரவே வராது என்று சொல்ல முடியாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எங்கள் பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தன் கணக்கைக் காட்டி, "அண்ணே, எட்டு இடத்துல பிரிச்சு வச்சிருக்கேன். இனி பயப்பட வேண்டாம்ல?" என்று கேட்டார். அவர் யார் என்று தெரியாமலிருக்கத் தொகைகளை மாற்றி எழுதுகிறேன்.

குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்து மொத்தம் 50 லட்சம். அதில் கடை இருக்கும் சொந்தக் கட்டடம் 30 லட்சம். பக்கத்து லாட்ஜில் போட்ட பங்கு 5 லட்சம். வங்கி வைப்பு 8 லட்சம், ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் தலா 4. மூன்று மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களில் மொத்தம் 4 லட்சம். தங்கக் காசு 3 லட்சம். எண்ணிப் பார்த்தால் எட்டு இடம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்து, "எது நடந்தால் எவை எவை அடிபடும்?" என்ற கேள்வியை மட்டும் வைத்து அதே கணக்கைத் திருப்பி எழுதினோம்.

மருத்துவமனைக் கூட்டம் குறைந்தால் அல்லது அந்தச் சாலைக்கு ஆள் வருவது நின்றால் கட்டடமும் லாட்ஜும் சேர்ந்தே மதிப்பு இழக்கும். 35 லட்சம், அதாவது 70 சதவீதம். போதாக்குறைக்கு அவருடைய மாத வருமானமும் அதே கூட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. கணக்கில் எழுதாத அந்த வருமானம்தான் அவருடைய மிகப் பெரிய சொத்து.

அடுத்தது வங்கி. இரண்டு கிளைகள் என்பது இரண்டு வங்கி ஆகாது. 2020 பிப்ரவரியிலிருந்து வைப்புக் காப்பீடு 5 லட்சம் ரூபாய். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எல்லாக் கிளைகளிலும் உள்ள அசலையும் வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். வங்கிக்கு ஏதாவது ஆனால் அவருடைய 8 லட்சத்தில் 3 லட்சமும் வட்டியும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும்.

மூன்றாவது மியூச்சுவல் ஃபண்ட். மூன்றும் மூன்று நிறுவனங்களுடையவை, ஆனால் மூன்றுமே லார்ஜ் கேப் வகை. செபி விதிப்படி அந்த வகைத் திட்டம் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில்தான் போட வேண்டும். குளமே அவ்வளவு சின்னது என்பதால் எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபண்டும் தன் கையில் உள்ள பங்குகளின் பட்டியலை மாதாமாதம் இணையதளத்தில் வெளியிடுகிறது. மூன்று பட்டியலின் முதல் பத்துப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பாதிக்கு மேல் ஒன்றாக இருந்தால் அது மூன்று முதலீடு இல்லை, ஒன்றுதான்.

நாலாவது தங்கம், தனி. ஆக எட்டு இடம் என்று நினைத்தது உண்மையில் நாலு காரணம், அதிலும் ஒரே காரணத்தில் 70 சதவீதம்.

என்ன மாற்ற முடிந்தது? வைப்பில் பாதியை வேறொரு வங்கிக்கு மாற்றினார். ஒவ்வொன்றிலும் 4 லட்சம் இருந்தால், 7 சதவீத வட்டி மூன்று வருஷம் சேர்ந்தாலும் 5 லட்சத்துக்குள்தான் நிற்கும். லாட்ஜ் நடத்தும் உறவுக்காரர் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அந்த 5 லட்சத்தை அஞ்சலகக் கால வைப்பில் போட்டார், அதற்கு மத்திய அரசே பொறுப்பு. மூன்று ஃபண்டில் இரண்டுக்கு மாதத் தவணையை நிறுத்தினார். கட்டடத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. பிழைப்பே அதில்தான், பாதிக் கட்டடத்தை விற்கவும் முடியாது. நிறைய பேருடைய நிலைமை இதுதான். மிகப் பெரிய சொத்தைத் துண்டு போட முடியாது.

இப்போது இரண்டு நிலையையும் ஒரு மோசமான வருஷத்தில் வைத்துப் பார்ப்போம். அந்தச் சாலைச் சொத்து 30 சதவீதம் மதிப்பு இழக்கிறது, பங்குச் சந்தை பாதியாகிறது, அவர் முதலில் பணம் வைத்திருந்த வங்கியும் முடங்குகிறது. மூன்றும் ஒரே வருஷத்தில் வருகிறது என்று வைப்போம். முன்பிருந்த நிலையில் சொத்தில் பத்தரை லட்சம், ஃபண்டில் 2 லட்சம், வங்கியில் மாட்டிய 3 லட்சம், மொத்தம் பதினைந்தரை லட்சம் அடிபட்டிருக்கும். மாற்றிய பிறகு சொத்தில் 9, ஃபண்டில் 2, வங்கியில் காப்பீட்டுக்கு வெளியே எதுவும் இல்லை, மொத்தம் 11 லட்சம். நாலரை லட்சம் மிச்சம், அது சின்னத் தொகை இல்லை. ஆனால் 11 லட்சம் போகிறது என்பதும் உண்மை. அதைப் பார்த்து அவர் முகம் வாடியது. மறைக்காமல் காட்டியதே நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆபத்து போய்விட்டது என்று நம்பியவர்தான் விழும் வருஷத்தில் பயந்துபோய் அடிமட்ட விலைக்கு விற்றுவிட்டு வெளியே வருகிறார்.

அவருடைய விஷயத்தில் பெரிய மாற்றம் இனிச் சேர்க்கப் போகும் பணத்தில்தான் வரும். மாதம் 20,000 ரூபாயைக் கோரிப்பாளையத்தோடு சம்பந்தமில்லாத இடங்களில் போட்டு வந்தால் பத்து வருஷத்தில் அசல் மட்டும் 24 லட்சம். கட்டட மதிப்பும் மற்றவையும் அப்படியே நின்றாலும் மொத்தம் 74 லட்சமாகும், கட்டடத்தின் பங்கு 60 சதவீதத்திலிருந்து 40-ஐ ஒட்டி இறங்கும். பக்கத்துக் கடை விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் அதை வாங்கத்தான் ஆசை வரும், தெரிந்த இடம், தெரிந்த தொழில். ஆனால் அவர் செய்யக் கூடாத முதலீடு அதுதான்.

பிரித்த பிறகும் மிஞ்சுவது

பிரித்துப் போடுவதற்கு ஒரு விலையும் உண்டு. பத்தில் ஒன்று பல மடங்கு ஏறும்போது நம்மிடம் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். தங்கம் ஏறும் வருஷத்தில் வைப்பைப் பார்த்து வருத்தமாக இருக்கும், பங்கு ஏறும் வருஷத்தில் தங்கத்தைப் பார்த்து வருத்தமாக இருக்கும். எல்லாமே ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தால்தான் நான் கவலைப்படுவேன், எல்லாமே ஒரே காரணத்தால் ஆடுகின்றன என்பதற்கு அது ஒரு அடையாளம்.

விலக்க முடியாமல் மிஞ்சும் ஆபத்தைத் தாங்கிக்கொள்ள இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, காலம். சந்தையில் போட்ட பணம் இன்னும் ஏழெட்டு வருஷத்துக்குத் தேவைப்படாது என்றால் விழும் வருஷத்தைக் கடந்து போக முடியும். அடுத்த வருஷம் கல்யாணத்துக்கு வேண்டிய பணம் என்றால் எத்தனை நிறுவனமாகப் பிரித்திருந்தாலும் அது அங்கே இருக்கக் கூடாது. இன்னொன்று, கையிருப்பு. ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கிச் சேமிப்பிலோ உடனே எடுக்கக்கூடிய வைப்பிலோ இருந்தால், எல்லாம் விழுந்திருக்கும் நேரத்தில் எதையும் விற்க வேண்டிய கட்டாயம் வராது.

உங்களுடைய கணக்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரி எழுதிப் பாருங்கள். இடது பக்கம் முதலீட்டின் பெயர், வலது பக்கம் அதைப் படுக்கவைக்கக்கூடிய காரணம். உங்கள் சம்பளத்தையோ கடை வருமானத்தையோ முதல் வரியில் எழுதுங்கள். வலது பக்கத்தில் ஒரே காரணம் எத்தனை முறை வருகிறது, அதில் மொத்தம் எத்தனை லட்சம் என்று கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், அடுத்து மிச்சமாகும் பணம் எங்கே போகக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.